தோழியின் காப்பி ஆய்வேடு: விடுவதா, சொல்வதா, யாரிடம் சொல்வது?

என் அண்ணன் மகள் கோவையில் முதுகலைப் பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுடைய உயிர்த்தோழியின் ஆய்வேட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பகுதி வேறொருவர் எழுதியது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒப்படைக்க மூன்று வாரம்தான் இருந்தது. நானும் கல்லூரியில் பொருளியல் நடத்துகிறவள், ஆய்வேடுகளுக்கு நெறியாளராகக் கையெழுத்துப் போடுகிறவள் என்பதால் என்னிடம் வந்தாள். "சொல்லிப் போடறதுங்களா அத்தை, இல்ல விட்டுப் போடறதுங்களா?" என்று கேட்டாள்.

இரண்டு வழி இருப்பது போலத்தான் அவள் கேட்டாள். உட்கார்ந்து பேசியபோது ஐந்து வழி இருப்பது தெரிந்தது. பேசாமல் இருப்பது, மொட்டைக் கடிதம் போடுவது, துறையின் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுப்பது, நெறியாளரிடம் சொல்வது, தோழியிடமே நேருக்கு நேர் பேசுவது. எந்த வழியில் யாருக்கு என்ன சேதம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அவளைப் போல் தவிக்கிற பிள்ளைகளுக்கு உதவும் என்பதால் அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேருமே சோமனூர், கருமத்தம்பட்டி பக்கத்துக் கூலித்தறிகளைப் பற்றித்தான் ஆய்வு செய்கிறார்கள். இவள் எடுத்தது தறி ஓட்டும் பெண்களின் கடன் சுமை. தோழி எடுத்தது தறி உரிமையாளர்களின் வரவு செலவு. ஜவுளி உற்பத்தியாளர்கள் பாவும் ஊடு நூலும் கொடுப்பார்கள், தறிக்காரர் கூலிக்கு நெய்து கொடுப்பார். அந்தக் கூலி கட்டுப்படியாகிறதா என்பதுதான் தோழியின் கேள்வி. 120 தறி உரிமையாளர்களை நேரில் பார்த்து வினாப்பட்டியல் நிரப்ப வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்தேதான் போனார்கள். தோழியின் அப்பா தறி ஓட்டுகிறவர், தன் டிவிஎஸ் வண்டியில் இரண்டு பிள்ளைகளையும் தறிக்குடோன் வாசலில் இறக்கிவிட்டுப் போவார். மதியம் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. பிறகு தோழியின் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. தோழி ஒரு பனியன் கம்பெனியில் மாலை நேரக் கணக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். களத்துக்கு வருவது நின்றுவிட்டது. அதுவரை அவள் நிரப்பியிருந்தது 45 பட்டியல்.

அப்படியிருக்க, அவள் தட்டச்சு செய்து வைத்திருந்த நான்காம் அத்தியாயத்தில் 120 பேருக்கும் அட்டவணை இருந்தது. என் மருமகள் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுக்க வாங்கியபோதுதான் இதைக் கவனித்தாள்.

சந்தேகம் வந்த உடனே எந்த வழியிலும் இறங்கிவிடக் கூடாது. ஒரே ஊரைப் பற்றி எழுதும் இரண்டு ஆய்வேடுகளில் ஊர் அறிமுகம் ஒன்றுபோல்தான் இருக்கும். மாதிரி எடுக்கும் முறையைச் சொல்லும் வாக்கியங்களும் அப்படித்தான். அதைக் காப்பி என்று சொன்னால் நாம்தான் தலைகுனிய வேண்டி வரும். இவள் துறை நூலகத்துக்குப் போய் 2019-இல் ஒரு சீனியர் அதே பகுதியைப் பற்றி எழுதிய பைண்டு பிரதியை எடுத்துப் பார்த்தாள். இரண்டு இடத்தில் உறுதியாகிவிட்டது.

ஒன்று, வயதுவாரி அட்டவணை. சீனியரின் ஆய்வேட்டில் 28, 41, 33, 17 என்று நான்கு வரிசை, கீழே மொத்தம் 120 என்று போட்டிருந்தது. கூட்டிப் பார்த்தால் 119தான் வருகிறது. தோழியின் அட்டவணையிலும் அதே நான்கு எண்கள், அதே தப்பான மொத்தம். எண்கள் தற்செயலாக ஒத்துப்போகலாம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், கூட்டல் பிழை கூடவா ஒத்துப்போகும்?

இன்னொன்று, மின்சாரம். தோழி எழுதியிருந்த பத்தியில் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவசம் என்று இருந்தது. 2023-இல் அது 1000 யூனிட் ஆகிவிட்டது. சோமனூரில் எந்தத் தறிக்குடோனுக்குள் நுழைந்து கேட்டாலும் இதைச் சொல்வார்கள். தறிக்காரர் வீட்டிலேயே பிறந்த பெண் 750 என்று எழுதியிருக்கிறாள் என்றால், படித்துக்கூடப் பார்க்காமல் இறக்கியிருக்கிறாள் என்றுதான் பொருள்.

எண்பது பக்க ஆய்வேட்டில் முன்னாய்வுகள் 16 பக்கம், ஆய்வுப் பகுதி பற்றிய அத்தியாயத்தில் 11 பக்கம், பகுப்பாய்வில் 9 பக்கம் என 36 பக்கம் அந்தப் பழைய பிரதியில் இருந்து வந்தவை. நூற்றுக்கு 45.

இந்த 45 என்ற எண்ணுக்குச் சட்டத்தில் ஒரு விலை இருக்கிறது. பிள்ளைகள் பலருக்கும் அது தெரிவதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கல்வி நேர்மைக்கும் எழுத்துத் திருட்டைத் தடுப்பதற்கும் ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. முதுகலைப் பட்டத்துக்கான ஆய்வேடும் அதற்கு மேற்பட்ட ஆய்வேடுகளும் அதில் அடங்கும். ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தி ஒப்படைக்கச் சொல்வார்கள். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் அந்தப் படிப்பில் சேர்ந்த பதிவே ரத்து. மேற்கோள் குறியோடு ஆதாரம் காட்டி எடுத்தாண்ட பகுதி, நூற்பட்டியல், பொதுவாக எல்லோருக்கும் தெரிந்த செய்தி, தற்செயலாக ஒன்றுபோல் வரும் 14 சொல் வரையிலான தொடர் ஆகியவை ஒப்புமைக் கணக்கில் வராது.

இளங்கலை அசைன்மென்ட், பிராஜெக்ட் ரிப்போர்ட், தேர்வு விடைத்தாள் ஆகியவற்றை இந்த விதி தொடுவதே இல்லை. அவற்றுக்கு அந்தந்தக் கல்லூரியின், பல்கலைக்கழகத்தின் தேர்வு விதிகள்தான். தேர்வு அறையில் தோழி பிட் வைத்து எழுதியதைப் பார்த்தவளின் நிலைமை வேறு. அறையை விட்டு வெளியே வந்த பிறகு அங்கே சான்று எதுவும் மிஞ்சாது, வாய்ச்சொல் மட்டுமே இருக்கும். ஆய்வேட்டில் சான்று அப்படியே தாளில் இருக்கிறது, திருத்திக்கொள்ள அவகாசமும் இருக்கிறது. நான் இங்கே சொல்வதெல்லாம் ஆய்வேட்டுக்கு மட்டும்தான்.

இனி வழிகளைப் பார்க்கலாம்.

பேசாமல் இருந்துவிடுவதைத்தான் மனசு முதலில் தேடும். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்யக் கூடாது என்பது நம் பக்கத்தில் சின்ன வயதிலேயே ஊறிப்போன விஷயம். என் மருமகளுக்கும் பெரிய பாரம் அதுதான். "அவங்கம்மா கையில தின்ன சோறுங்க அத்தை" என்றாள். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. விசுவாசம் இல்லாத பிள்ளையிடம் நேர்மையை எதிர்பார்க்க முடியாது என்று நினைக்கிறவள் நான்.

ஆனால் பேசாமல் இருந்தால் தோழிக்கு நல்லதா என்று பார்க்க வேண்டும். மாட்டுவதற்கு வாய்ப்பு குறைவு என்பது உண்மைதான். ஒப்புமை பார்க்கும் மென்பொருள் தன்னிடம் இருக்கும் தரவுகளோடுதான் ஒப்பிடும். நூலக அலமாரியில் மட்டும் இருக்கும் பைண்டு பிரதி அதற்குத் தெரியாது. தோழியும் அந்த நம்பிக்கையில்தான் செய்திருக்கிறாள். வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வரும் வெளித்தேர்வாளர் மென்பொருள் இல்லை, ஆள் என்பதை அவள் மறந்துவிட்டாள். இந்தப் பகுதியைத் தெரிந்த ஒருவர் வந்து 750 யூனிட் என்பதைப் படித்தால் அடுத்த கேள்வி அங்கேதான் விழும். எந்த ஊரில் எத்தனை பேரைப் பார்த்தீர்கள், நிரப்பிய பட்டியல்களைக் காட்டுங்கள் என்பார். 45 பட்டியலை வைத்துக்கொண்டு 120 என்று எப்படிச் சொல்வாள்?

அதையும் தாண்டிவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். அந்த 2018 விதிகளில் ஒரு குறிப்பு உண்டு. பட்டம் வாங்கிய பிறகு எழுத்துத் திருட்டு நிரூபணம் ஆனால், குழு பரிந்துரைக்கும் காலம் வரை அந்தப் பட்டம் நிறுத்திவைக்கப்படும். தோழிக்கு நெட் தகுதித்தேர்வு எழுதி, கல்லூரி ஆசிரியை ஆக வேண்டும் என்று ஆசை. நாளைக்கு ஒரு ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்து, இதே ஆய்வேட்டில் இருந்து ஒரு கட்டுரை வெளியிட்டால் அது எல்லோர் கண்ணிலும் படும். அந்த 2019 சீனியரும் எங்கோ இருக்கிறார். தன் அட்டவணையைத் தானே பார்க்க அவருக்கு ஒரு நாள் போதும். இப்போது மூன்று வாரத்தில் சரிசெய்யக்கூடிய ஒன்றை, எப்போது வெடிக்கும் என்று தெரியாமல் அவள் ஆயுசு முழுக்கச் சுமக்க விடுவதுதான் பேசாமல் இருப்பது. அதை விசுவாசம் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

நியாயம் என்று பார்த்தாலும் இந்த வழி நிற்கவில்லை. வகுப்பில் மற்ற பிள்ளைகள் தறிக்குடோனிலும் சாயப்பட்டறையிலும் மணிக்கணக்கில் காத்திருந்து பட்டியல் நிரப்பியிருக்கிறார்கள். ஒரே துறையில் ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும்போது அவர்கள் உழைப்புக்கு மதிப்பு குறைகிறது. எனக்கு அதைவிட வலிக்கிற இன்னொன்று உண்டு. 2022 தொடக்கத்தில் இந்தப் பகுதித் தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டு வாரக்கணக்கில் தறியை நிறுத்திப் போராடினார்கள். அதற்கு முந்தைய 2019 கூலிக் கணக்கைத் தூக்கி இன்றைய கணக்கு என்று ஆய்வேட்டில் வைப்பது அந்த மனிதர்களின் பாட்டையே இல்லாமல் ஆக்குவது. முதுகலை ஆய்வேட்டை யார் படிக்கிறார்கள் என்று கேட்கலாம். அடுத்த ஆண்டு ஜூனியர்கள் படிக்கிறார்கள், அதிலிருந்து இறக்குகிறார்கள். இப்படித்தான் ஒரு தப்பான கூட்டல் தலைமுறை தாண்டிப் போகிறது.

கடைசியாக, இவளுக்கே உள்ள ஆபத்து. இரண்டு பேரும் ஒரே ஊர், ஒரே களம், ஒன்றாகச் சுற்றியவர்கள். தோழி மாட்டினால் முதலில் திறந்து பார்க்கப்படுவது இவளுடைய ஆய்வேடுதான். இவள் சுத்தமாக எழுதியிருந்தாலும் "உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

மொட்டைக் கடிதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதினெட்டுப் பேர் படிக்கும் வகுப்பில் யார் எழுதியது என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். தெரியாமல் போனால் அது இன்னும் மோசம், சம்பந்தமே இல்லாத ஒரு பிள்ளை மேல் பழி விழும். விதிப்படி தகுந்த சான்றோடுதான் புகார் கொடுக்க வேண்டும். பெயரில்லாத கடிதத்தை எழுதியவரை அழைத்து விளக்கம் கேட்கவும் முடியாது. தோழிக்கோ, தன் பக்கத்தைச் சொல்லவும் திருத்திக்கொள்ளவும் கிடைத்திருக்கும் ஒரே அவகாசம் போய்விடும். இந்த வழியை நாங்கள் உடனே தள்ளிவிட்டோம்.

துறைக் குழுவிடம் எழுத்தில் கொடுப்பது முறையான வழி. துறைத்தலைவர், துறைக்கு வெளியில் இருந்து ஒரு மூத்த ஆசிரியர், ஒப்புமை மென்பொருள் தெரிந்த ஒருவர் என மூன்று பேர் அதில் இருப்பார்கள். கல்விச் சமூகத்தைச் சேர்ந்த எவரும் சான்றோடு அங்கே புகார் கொடுக்கலாம். புகார் வந்த 45 நாளுக்குள் விசாரித்து, நிறுவன அளவிலான மேல்குழுவுக்குப் பரிந்துரை அனுப்ப வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கத்தையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. அதனால் இந்த வழி நேர்மையானது, யாரும் குறைசொல்ல முடியாது.

இருந்தாலும் இப்போது அது வேண்டாம் என்றேன். ஆய்வேடு இன்னும் ஒப்படைக்கப்படவே இல்லை. ஒப்படைத்த பிறகு 45 விழுக்காடு என்று முடிவானால் ஓராண்டு போய்விடும். தோழியின் வீட்டில் ஓராண்டு என்பது காலண்டரில் உள்ள ஓராண்டு இல்லை. அம்மா படுத்திருக்கிறார், அப்பா தறி ஓட்டுகிறார், பெண்ணுக்கு ஜாதகம் எடுத்துவிட்டார்கள். "படிச்சது போதும் கண்ணு" என்று ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துபோகும். செய்த தப்புக்கும் அதற்குக் கொடுக்கும் விலைக்கும் பொருத்தமே இருக்காது. ஒப்படைப்பதற்கு முன்னால் அதே தப்பைத் திருத்த ஆகும் செலவு மூன்று வார உழைப்பும் கொஞ்சம் மதிப்பெண்ணும்தான். ஒப்படைக்கும் நாளுக்கு முன்னால் ஒரு கணக்கு, பின்னால் வேறு கணக்கு. தோழி ஏற்கெனவே ஒப்படைத்திருந்து, கேட்டும் மசியாமல் இருந்தால் நான் இந்தக் குழு வழியைத்தான் சொல்லியிருப்பேன்.

அப்படியானால் நெறியாளரிடம் போகலாமா? இதில் ஒரு பெரிய நல்லது உண்டு. ஆய்வேடு எழுத்துத் திருட்டு இல்லாதது என்று நெறியாளரும் சான்று கொடுக்க வேண்டும். அவருடைய பெயரும் இதில் மாட்டியிருக்கிறது. தெரியாமல் கையெழுத்துப் போடப் போகும் ஒருவருக்குச் சொல்லாமல் விடுவது அவருக்குச் செய்யும் அநியாயம். திருத்தச் சொல்லவும், மாதிரி அளவைக் குறைக்க அனுமதிக்கவும், ஒப்படைக்கும் நாளைத் தள்ளித்தரக் கேட்கவும் அவரால் மட்டும்தான் முடியும். ஆகவே கடைசியில் விஷயம் அவரிடம் போய்த்தான் ஆக வேண்டும்.

யார் கொண்டுபோவது என்பதுதான் கேள்வி. தோழிக்குத் தெரியாமல் இவள் முதலில் போய்ச் சொன்னால் அது காட்டிக்கொடுத்ததாகத்தான் முடியும். தோழி தானாகப் போய்ச் சொன்னால் நெறியாளர் முன்னால் அவள் நிலை வேறு. நான் நெறியாளராக இருந்து சொல்கிறேன், "சார், என்னால முடியல, இப்படிப் பண்ணிட்டேன்" என்று ஒரு பிள்ளை வந்து நின்றால் திட்டுவோம், மதிப்பெண் குறைப்போம், ஆனால் வழி தேடித்தருவோம். அதே விஷயம் மூன்றாம் ஆள் வாயாகக் காதில் விழுந்தால் அந்தப் பிள்ளையின் முந்தைய பருவங்களின் வேலையையும் சந்தேகத்தோடு புரட்டுவோம்.

அதனால் முதலில் தோழியிடம், பிறகு தோழி வாயாலேயே நெறியாளரிடம். இதுதான் நான் சொன்ன வழி. இது ஐந்திலும் கஷ்டமானது, ஏனென்றால் எதிரில் நின்று பேச வேண்டும்.

எப்படிப் பேசுவது என்பதையும் சேர்த்தே யோசித்தோம். வீட்டில் வேண்டாம், அவள் அம்மா அப்பா காதில் விழுந்துவிடும். வாட்ஸ்அப்பில் கூடவே கூடாது. எழுதியது ஸ்கிரீன்ஷாட்டாக எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு அட்டவணைகளையும் கையில் வைத்துக்கொண்டு, "நீ காப்பி அடிச்சியா?" என்று கேட்காமல், "இந்தக் கூட்டல் தப்பு ரெண்டுலயும் இருக்குதே" என்று ஆரம்பிக்கச் சொன்னேன். கேள்வியாகக் கேட்டால் மறுக்கத் தோன்றும், தாளைக் காட்டினால் மறுக்க இடம் குறைவு.

அப்புறம் மிரட்டலாக இல்லாமல் ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். "வர்ற திங்கட்கிழமைக்குள்ள நீயே சார்கிட்ட சொல்லீரு, நானும் கூட வர்றேன். நீ சொல்லாட்டி செவ்வாய்க்கிழமை நான் சொல்லுவேன், உனக்குத் தெரியாம சொல்ல மாட்டேன்." இந்தக் கடைசி வார்த்தையில்தான் விசுவாசம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். நாள் குறிக்காமல் "சீக்கிரம் சரிபண்ணிக்கோ" என்று விட்டுவிட்டால், அது பேசாமல் இருந்ததற்குச் சமம்.

வெறுமனே தப்பைச் சுட்டிக்காட்டிவிட்டு வந்தால் தோழிக்கு மூச்சு முட்டும். என்ன செய்து வெளியே வரலாம் என்பதையும் கையோடு கொண்டுபோகச் சொன்னேன். இந்த இடத்தில் பிள்ளைகள் ஒரு தவறு செய்கிறார்கள். முன்னாய்வுகளைச் சொந்த வார்த்தையில் மாற்றி எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் அந்த 16 பக்கம் கழிந்து 20 பக்கம் மிஞ்சும், நூற்றுக்கு 25, அடுத்த கீழ்ப்படிக்கு இறங்கிவிடும். இன்னும் கொஞ்சம் மாற்றினால் பத்துக்கும் கீழே கொண்டுவரலாம். ஆனால் பார்க்காத 75 பேரைப் பார்த்ததாக எழுதிய அட்டவணை அப்படியேதான் இருக்கும். வார்த்தை முழுக்க அவளுடையதாக இருந்தாலும், தரவு பொய்யாக இருந்தால் ஆய்வேடு பொய்தான். மென்பொருள் அதைக் கண்டுபிடிக்காது என்பது வேறு விஷயம்.

சரியான வழி, கையில் இருக்கும் 45 நிஜப் பட்டியலில் இருந்து தொடங்குவது. இருக்கும் நேரத்தில் இன்னும் முடிந்த அளவு பேரைப் பார்ப்பது. ஒரு பட்டியலுக்கு அரை மணி நேரம் பிடிக்கும், ஷிப்ட் மாறும் நேரத்தில் போனால் ஒரே இடத்தில் இரண்டு மூன்று பேர் கிடைப்பார்கள். மாதிரி அளவு 120-இல் இருந்து குறைந்ததை முறையியல் அத்தியாயத்தில் வெளிப்படையாக எழுதுவது. அந்த 2019 ஆய்வேட்டை ஒளிக்காமல், அதை எழுதியவரின் பெயரையும் ஆண்டையும் போட்டு, இரண்டாம் நிலைத் தரவாக எடுத்துக்கொள்வது. அப்போது அதே அட்டவணை நியாயமான ஒப்பீடாக மாறுகிறது. 2019-இல் கூலி என்ன, மின்கட்டணம் என்ன, இலவச யூனிட் எவ்வளவு, இப்போது என்ன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசலாம். உண்மையைச் சொன்னால், இப்படி எழுதப்படும் சிறிய ஆய்வேடு அவள் முதலில் திட்டமிட்டதைவிடச் சுவையானது. ஆறு ஆண்டில் ஒரு தறிக்காரரின் கணக்கு எப்படி மாறியது என்பதை நான் விரும்பிப் படிப்பேன்.

என் மருமகள் உதவலாமா என்று கேட்டாள். களத்துக்குக் கூடப் போகலாம், வழி காட்டலாம், அட்டவணையைக் கூட்டிச் சரிபார்க்கலாம். ஒரு பத்திகூட எழுதிக்கொடுக்கக் கூடாது. எழுதிக்கொடுத்தால் சீனியர் இருந்த இடத்தில் இவள் வந்து நிற்பாள், காப்பி அப்படியே தொடரும். அம்மா உடம்பு சரியில்லை, வேலைக்குப் போகிறாள் என்ற இரக்கத்தில் பல நல்ல பிள்ளைகள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

சனிக்கிழமை இருவரும் பேசினார்கள். தோழி முதலில் கொதித்துப் போனாள். "நீ மட்டும் யோக்கியமா? எங்கூட்டுக் கஷ்டம் தெரிஞ்சுமா இப்படிப் பேசற?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். ஞாயிறு முழுக்கப் போன் எடுக்கவில்லை. என் மருமகள் அன்று ராத்திரி அழுதாள். செவ்வாய்க்கிழமை தனியாகப் போகத் தயாராக இரு என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. அப்படி நடந்திருந்தால் அந்த நட்பு அதோடு முடிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அந்த விலையையும் தெரிந்துகொண்டுதான் அவள் இதில் இறங்கினாள்.

திங்கட்கிழமை காலையில் தோழியே கூப்பிட்டாள். 750 யூனிட் பத்தியை அவள் தன் அப்பாவிடம் படித்துக் காட்டியிருக்கிறாள். "இது எந்தக் காலத்துக் கதை கண்ணு?" என்று அவர் கேட்டிருக்கிறார். இருவரும் சேர்ந்து நெறியாளரிடம் போனார்கள். உள்ளே தோழி மட்டும் போனாள். அவர் நன்றாகத் திட்டினார். அகமதிப்பீட்டில் மதிப்பெண் குறைப்பேன் என்று சொல்லி, குறைக்கவும் செய்தார். அது நியாயம்தான். வகுப்பில் மற்றவர்களுக்கு உரியது இப்படித்தான் கொஞ்சமாவது திரும்பக் கிடைக்கிறது. மாதிரி அளவைக் குறைக்கவும், 2019 ஆய்வேட்டைப் பெயர் போட்டு ஒப்பிடவும் ஒப்புக்கொண்டார். ஒப்படைக்க ஒரு வாரம் தள்ளியும் வாங்கிக்கொடுத்தார். ஒவ்வொரு பட்டியலிலும் பார்த்த இடமும் தேதியும் எழுதி, நிரப்பிய பட்டியல்கள் முழுவதையும் கட்டாகக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டார்.

தோழி இன்னும் 26 பேரைப் பார்த்தாள், மொத்தம் 71 ஆனது. அப்பாவும் ஷிப்ட் முடிந்து வண்டியில் கூட்டிப்போனார். இதற்குள் வகுப்பில் இரண்டு பேர் மோப்பம் பிடித்து என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறார்கள். "மாதிரி குறைஞ்சதால தேதி தள்ளிப்போச்சு" என்பதற்கு மேல் என் மருமகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரிய வேண்டியவர் நெறியாளர், அவருக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்து வைவா இருக்கிறது. 120 என்று ஆரம்பித்தது ஏன் 71-இல் நின்றது என்று வெளித்தேர்வாளர் கட்டாயம் கேட்பார். அம்மாவின் உடம்பு, வேலை, நேரம் போதாதது என்று நடந்ததை அப்படியே சொல்லிவிட்டு, 71 பேரில் எத்தனை பேர் எந்த ஊர் என்ற பட்டியலை நீட்டினால் போதும் என்று நெறியாளர் சொல்லியிருக்கிறாராம். தோழி இப்போது அந்த ஊர்வாரிப் பட்டியலைத்தான் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள்.